கூட்டல் கைமாறிய தீபாவளி

கடைக் கணக்கு நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை இருக்கும். அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகை ‘முன்பக்கத் தொகை’ என்று மறுபடி எழுதப்படும். அதோடு அந்தப் பக்கத்து வரிகளையும் கூட்டி அடியில் எழுதினால், அது மூன்றாம் பக்கத்தின் தலைக்குப் போகும். இப்படி ஒரு தொகை பக்கம் பக்கமாக நடந்து கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்வதுதான் கைக்கணக்கின் முறை. சாதாரண நாளில் இரண்டு பக்கம் நிரம்பும் கடையில் இதனால் தொல்லை எதுவும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரே நாளில் ஐந்து பக்கம் நிரம்பும்போது, இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு போடும் கூட்டலில்தான் கணக்கு உதைக்க ஆரம்பிக்கும்.

சிறு நகரத்து மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அப்பா கல்லாவில் இருக்கிறார். விற்பனை, கடன், வசூல், செலவு எல்லாவற்றையும் அவரே நோட்டில் எழுதுகிறார். வணிகவியல் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கடலை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மூட்டை மூட்டையாக நகரும் அந்த வாரத்தில், நோட்டின் அடித்தொகைகளை மட்டும் எக்செல் ஃபார்முலாவுக்கு மாற்ற அவள் முனைகிறாள். நோட்டை மூடச் சொல்லவில்லை, அப்பாவின் எழுதும் பழக்கத்தைத் தொடவும் இல்லை. எழுதுவது கையில், கூட்டுவது ஃபார்முலாவில் என்பதே ஏற்பாடு. நெரிசல் நேரத்தில் எடுத்த காரியம் என்பதால் இந்த எல்லைக்கோடு மிக முக்கியமானது. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது எழுதும் முறையையே மாற்றினால் பதிவுகளே விட்டுப்போகும். பதிவு இருந்து கூட்டல் பிழைத்தால் இரவில் உட்கார்ந்து சரிசெய்யலாம். பதிவே இல்லாத விற்பனையை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

முதல் நாள் இரவு ஐந்து பக்கங்களையும் அவள் வரி வரியாகத் தட்டச்சு செய்கிறாள். Entry என்ற ஷீட்டில் A பத்தியில் தேதி, B பத்தியில் பேர், C பத்தியில் வகை, D பத்தியில் தொகை, E பத்தியில் பில் எண். வகை என்பது ரொக்கம், யூபிஐ, கடன், வசூல், செலவு ஆகிய ஐந்தில் ஒன்று. அன்று வசூலும் செலவும் தனித்தாளில் இருந்ததால், அந்த ஐந்து பக்கங்களிலும் விற்பனை மட்டுமே. வேறொரு ஷீட்டில் ஒரே ஒரு ஃபார்முலா:

```
=SUM(Entry!D:D)
```

நோட்டில் அப்பா போட்ட கடைசித் தொகை 48,990. திரையில் வந்தது 1,49,495.

இந்த இடத்தில் பலர் எக்செல்லை மூடிவிடுவார்கள். ஆனால் ஃபார்முலா சொன்னபடிதான் செய்திருக்கிறது. நோட்டில் கண்டதையெல்லாம் அப்படியே தட்டச்சு செய்ததால் இரண்டாம் பக்கம் முதல் ஐந்தாம் பக்கம் வரை தலையில் இருந்த ‘முன்பக்கத் தொகை’ வரிகளும் உள்ளே வந்துவிட்டன. கூட்டிய தொகையே மறுபடி மறுபடி கூட்டப்பட்டிருக்கிறது. மனிதக் கண்ணும் மனமும் இருபது, இருபத்தைந்து வரிகளுக்கு மேல் ஒரே மூச்சில் கூட்டுவது சிரமம் என்பதற்காகவே காகிதத்தில் பக்கத் தொகை தேவைப்பட்டது. ஷீட்டுக்குப் பக்கம் என்பதே கிடையாது. இருபது வரியும் இரண்டாயிரம் வரியும் அதற்கு ஒன்றுதான். ஆகவே நோட்டிலிருந்து மாற்றும்போது முதலில் விட வேண்டியது இந்த முன்பக்கத் தொகை வரிகளை. அந்த நான்கு வரிகளையும் நீக்கியதும் திரையில் 49,620 வந்தது.

இப்போதும் நோட்டுக்கும் திரைக்கும் 630 ரூபாய் வித்தியாசம். இதில் எது சரி என்பதைக் கண்டுபிடிக்கப் பழைய கணக்கப்பிள்ளைகள் கையாண்ட வழி ஒன்று உண்டு. வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது. 630 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். 72 என்பதை 27 என்று எழுதினால் 45 குறையும். 81 என்பதை 18 என்று எழுதினால் 63 குறையும். ஒரு சுழியை விட்டுவிட்டாலும் இதே கதைதான்: 1,200 என்பது 120 ஆனால் வித்தியாசம் 1,080, அதுவும் ஒன்பதின் மடங்கு. எனவே வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், விட்டுப்போன பில்லைத் தேடுவதற்கு முன்பு இலக்கம் புரண்ட இடத்தைத் தேடுவது நல்லது. இது தடயம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. தற்செயலாகவும் ஒன்பதால் வகுபடலாம்.

ஐந்து பக்கங்களின் தனித்தனித் தொகை 9,420, 11,285, 8,960, 12,310, 7,645. இரண்டாம் பக்கம் முடிய 20,705 என்று அப்பா சரியாகவே போட்டிருந்தார். மூன்றாம் பக்கத்தின் தலையில் அதை 20,075 என்று எழுதியிருந்தார். எழுக்கும் சுழிக்கும் இடம் மாறியதில் 630 போய்விட்டது. அதற்கடுத்து அவர் போட்ட எல்லாக் கூட்டலும் சரி; ஆனாலும் எல்லாத் தொகையும் தப்பு. கைக்கணக்கில் மனம் நொந்துபோவது இதனால்தான். மூன்றாம் பக்கத்தைத் திருத்தினால் அதன் அடித்தொகை, நான்காம் பக்கத்தின் தலை, அடி, ஐந்தாம் பக்கத்தின் தலை, அடி என்று வரிசையாக அடித்துத் திருத்தியாக வேண்டும். ஒரு திருத்தத்துக்கு ஆறு இடம்.

ஃபார்முலா தீர்த்து வைப்பது இந்தச் சங்கிலியைத்தான். கட்டத்தில் கிடப்பது 49,620 என்ற எண் அல்ல, ‘D பத்தியில் உள்ளதன் கூட்டுத்தொகை’ என்ற கட்டளை. கீழே ஒரு வரி மாறினால் தொகை அந்தக் கணமே தானாக மாறும். இந்த எண்ணம் பிறந்ததும் ஏறக்குறைய இதே தொல்லையிலிருந்துதான். ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகைக் கணக்கில் ஒரு எண் மாறினால் அதைத் தொடர்ந்த எண்களை எல்லாம் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டு யோசித்தார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு விற்பனைக்கு வந்தது. இன்று கைப்பேசியில் கூட இயங்கும் எக்செல்லுக்கும் கூகுள் ஷீட்ஸுக்கும் அதுதான் முன்னோடி.

கூட்டல் பிழை ஒழிந்ததும் பிழையே ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் மோசம் போக நேரும். பிழை வேறு இடத்துக்குக் குடிபெயர்கிறது, அவ்வளவுதான். நோட்டில் தப்பு கூட்டலில் இருந்தது, ஷீட்டில் தப்பு பதிவில் இருக்கும். அதுவும் திரையில் எண்கள் அச்சடித்தாற்போல அழகாக நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தக் கடையில் இரண்டாம் நாள் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

அப்பா தொகையை எழுதும்போது பின்னால் ஒரு கோடும் சிறு கிடைக்கோடும் இடுவார்: 1,250/- என்று. யாரும் இடையில் ஒரு இலக்கம் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல பழக்கம் அது. மகள் அசதியில் ஒரு வரியை அப்படியே 1,250/- என்று தட்டிவிட்டாள். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். SUM எழுத்தைக் கண்டால் எந்த எச்சரிக்கையும் தராமல் தாண்டிப் போய்விடும். தொகையில் 1,250 குறையும், திரையில் அந்த வரி கண்ணெதிரே இருக்கும். கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஆகவே D பத்தியில் எதுவும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று கண்ணோட்டம் விடலாம். அதைவிட நம்பகமானது ஒரு சோதனை ஃபார்முலா:

```
=COUNTA(Entry!D2:D2000)-COUNT(Entry!D2:D2000)
```

முதல் பகுதி காலியாக இல்லாத கட்டங்களை எண்ணும், இரண்டாம் பகுதி எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். விடை சுழியாக இருந்தால் எல்லாம் எண். 1 என்று வந்தால் எங்கோ ஒரு வரி கூட்டலில் சேராமல் நிற்கிறது.

தேதியிலும் இதே போல ஒரு கண்ணி இருக்கிறது, அது தீபாவளிக் காலத்திலேயே அதிகம் கடிக்கும். தீபாவளி வருவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால், நவம்பர் ஐந்தைக் குறிக்க 5/11 என்று தட்டினால் அது மே பதினொன்றாகப் பதிவாகிவிடும். 25/10 என்று தட்டினால் இருபத்தைந்தாம் மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக நிற்கும். பாதித் தேதி இடப்பக்கமும் பாதித் தேதி வலப்பக்கமுமாக ஒரு பத்தி தெரிந்தால் காரணம் இதுதான். கணினியின் வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றி, அந்தத் தேதிகளை மறுபடி உள்ளிடுவதே தீர்வு.

இந்த மாற்றத்தில் அதிகக் கவனம் கேட்பது கடன் கணக்கு. கடைக்காரர் பேரை முழுசாக எழுதமாட்டார். ‘டீச்சர்’, ‘டீக்கடை’, ‘மேலத்தெரு பாட்டி’ என்று எழுதினாலே அவருக்கு ஆள் தெரியும். ஒருநாள் ‘டீச்சர்’, மறுநாள் ‘டீச்சரம்மா’. அப்பாவுக்கு இரண்டும் ஒரே ஆள், ஃபார்முலாவுக்கு இரண்டு ஆள். பேருக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஒரு இடைவெளி கூட வேறு ஆளாக்கிவிடும். மகள் வாடிக்கையாளர் பட்டியலுக்கென்று தனி ஷீட் வைத்தாள். A பத்தியில் பேர், B பத்தியில் பழைய பாக்கி, C பத்தியில் இன்றைய பாக்கி:

```
=B2+SUMIFS(Entry!D:D,Entry!B:B,A2,Entry!C:C,"கடன்")
 -SUMIFS(Entry!D:D,Entry!B:B,A2,Entry!C:C,"வசூல்")
```

பழைய பாக்கியோடு இந்தப் பேரில் எழுதிய கடனைச் சேர், இந்தப் பேரில் வந்த வசூலைக் கழி என்பது இதன் பொருள். டீச்சரின் பழைய பாக்கி 2,340. அந்த வாரம் 1,860க்கும் 1,275க்கும் கடனாகச் சாமான் வாங்கி, 2,000 கொடுத்தார். பாக்கி 3,475 இருக்க வேண்டும். திரை 2,200 என்றது. 1,275 ரூபாய் பில் ‘டீச்சரம்மா’ பேரில் போய், பட்டியலில் அப்படி ஒரு பேர் இல்லாததால் யார் தலையிலும் விழாமல் அந்தரத்தில் நின்றது. கடைக்கு இது நேரடி நட்டம். பாக்கி குறைவு என்று எந்த வாடிக்கையாளரும் வந்து புகார் சொல்லப்போவதில்லை என்பதால் கடையே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள எல்லாருடைய கடனையும் கூட்டிய தொகை, Entry ஷீட்டில் ‘கடன்’ வகையின் மொத்தத் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்ப்பது ஒரு காவல். பேரையும் வகையையும் கையால் தட்டாமல், டேட்டா வேலிடேஷன் மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பது அதைவிட நல்ல காவல். புதுப் பேர் வந்தால் முதலில் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் பதிவு செய்ய முடியும் என்றாகிவிடும்.

ஃபார்முலா எட்டாத வரிகளும் உண்டு. =SUM(D2:D120) என்று எழுதிவிட்டு 121ஆம் வரியில் பதிவு போட்டால் அது தொகையில் சேராமல் போகலாம். பெரிய பொருளாதார அறிஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. நாடுகளின் கடனும் வளர்ச்சியும் பற்றி கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வின் எக்செல் கோப்பில், ஒரு சராசரி ஃபார்முலா 49ஆம் வரி வரை போக வேண்டியது 44ஆம் வரியோடு நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் வராமல் போயின. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் இது வெளியே வந்தது. கடை மட்டில் இதற்கு வழி எளிது. தொகையை வேறு ஷீட்டில் வைத்து D:D என்று பத்தி முழுவதையும் கொடுத்துவிட்டால் எத்தனை வரி கூடினாலும் சேர்ந்துகொள்ளும். அதே பத்திக்குள் அந்த ஃபார்முலாவை வைக்கக் கூடாது. தன்னையே கூட்டச் சொன்னதாகிவிடும்.

ஒரு பதிவு அடியோடு விட்டுப்போனால்? அதற்கு பில் புத்தகத்தின் வரிசை எண் உதவும். முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை எத்தனை பில் இருக்க வேண்டும், எத்தனை பதிவாகியிருக்கிறது என்ற வித்தியாசத்தை இது காட்டும்:

```
=MAX(Entry!E:E)-MIN(Entry!E:E)+1-COUNT(Entry!E:E)
```

இரண்டு என்று வந்தால் இரண்டு பில் விட்டுப்போயிருக்கிறது. கார்பன் பிரதியில் தேடி எடுக்கலாம். ஒரு பில் விட்டுப்போய் இன்னொரு பில் இரண்டு முறை பதிவாகியிருந்தால் இந்தச் சோதனையும் சுழி என்றே சொல்லும். எனவே இதை மட்டும் நம்பிவிட முடியாது.

எல்லாச் சோதனைக்கும் மேலான சோதனை கல்லாப்பெட்டியில் இருக்கிறது. ஷீட் தன் பதிவுகளை மட்டுமே அறியும். பெட்டியில் இருக்கும் நோட்டும் சில்லறையும் உண்மையில் நடந்ததை அறியும். இரண்டையும் எதிர் எதிரே வைத்தாக வேண்டும். அந்த வாரத்தின் உச்ச நாளில் காலை இருப்பு 3,000. ஃபார்முலா சொன்ன ரொக்க விற்பனை 41,260, பழைய கடன் வசூல் 6,500, கல்லாவிலிருந்து கொடுத்த செலவு 9,350. கல்லாவில் இருக்க வேண்டியது 41,410. பணத்தை எண்ண இன்னொரு சிறிய பட்டியல்: F பத்தியில் 500, 200, 100, 50, 20, 10 என்று நோட்டின் மதிப்பு, கடைசியில் சில்லறைக்காக 1, G பத்தியில் எண்ணிக்கை. கீழே:

```
=SUMPRODUCT(F2:F8,G2:G8)
```

ஒவ்வொரு மதிப்பையும் அதன் எண்ணிக்கையால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டித் தரும் ஃபார்முலா இது. ஐந்நூறு 68, இருநூறு 14, நூறு 33, ஐம்பது 11, இருபது 9, பத்து 17, சில்லறை 50 ரூபாய். மொத்தம் 41,050. இருக்க வேண்டியதை விட 360 குறைவு.

ஷீட்டின் சோதனைகள் எல்லாம் சுழி காட்டின. எழுத்தாக நிற்கும் எண் இல்லை, விட்டுப்போன பில் இல்லை, பேர் மாறிய கடன் இல்லை. ஆனால் 360 ஒன்பதால் வகுபடுகிறது. பழைய தடயம் ஃபார்முலா வந்த பிறகும் செல்லுபடியாகிறது, ஏனென்றால் எண்ணைத் தட்டுவது இன்னமும் மனித விரல்தான். செலவு வரிகளை அப்பாவின் நோட்டோடு ஒப்பிட்டபோது மூட்டை இறக்குகூலி 1,510 என்று நோட்டில் இருந்தது, ஷீட்டில் 1,150 என்று இருந்தது. ஒரு கட்டத்தைத் திருத்தியதும் செலவு 9,710 ஆகி, இருக்க வேண்டிய தொகை 41,050க்கு வந்து, கணக்கு நேரானது. முதல் நாள் ஆறு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டியிருந்த வேலை இப்போது ஒரே கட்டத்தில் முடிந்தது. ஆனால் அந்தக் கட்டம் எது என்று காட்டிக்கொடுத்தது கையால் எழுதிய நோட்டு.

இந்த நாளில் கடையில் ஒரு ஆபத்து காத்திருக்கும். கணக்கு உதைக்கும்போது, ஃபார்முலா இருக்கும் கட்டத்திலேயே 41,050 என்று தட்டி நேராக்கிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். அப்படிச் செய்த கணமே ஃபார்முலா அழிந்து அங்கே வெறும் எண் உட்கார்ந்துவிடும். மறுநாள் பதிவுகள் மாறினாலும் அது மாறாது, பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. சந்தேகம் வந்தால் கண்ட்ரோல் விசையோடு தலைகீழ் ஒற்றைக் குறி விசையை அழுத்தினால், எக்செல் விடைகளுக்குப் பதிலாக ஃபார்முலாக்களைக் காட்டும். நடுவில் வெறும் எண்ணாக நிற்கும் கட்டம் உடனே தெரிந்துவிடும். தொகை ஷீட்டைப் பூட்டி வைத்து, Entry ஷீட்டை மட்டும் திறந்து விடுவது பாதுகாப்பு. நேராகாத வித்தியாசம் ஏதும் மிஞ்சினால் அதை ‘கல்லா வித்தியாசம்’ என்று தனி வரியில் எழுதிவைப்பதே நேர்மையான முறை.

நெரிசல் முடிந்ததும் நோட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிடலாமா என்ற கேள்வி எழும். போடக் கூடாது. சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவு பெற்ற கடையாக இருந்தால், ஓர் ஆண்டின் கணக்கேடுகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பத்திரப்படுத்த வேண்டும் என்பது சட்டம். கையால் எழுதிய நோட்டுக்கும் கணினியில் உள்ள கோப்புக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும். ஆகவே அன்றன்றைய கோப்பைத் தேதியிட்டு இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்துவையுங்கள். நோட்டையும் கரையான் எட்டாத அலமாரியில் வையுங்கள்.